மழைக்கு முன் வீட்டு ஒயரிங், எர்த் சோதனை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பழைய வீட்டின் மின்கசிவையும் எர்த் இணைப்பையும் அளந்து பார்க்கும் பணி இது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தாழ்ந்த நிலத்தில் அமைந்த சிதம்பரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவர்கள் ஈரம் காயாமல் நிற்பது வழக்கம். 2015 மழையில் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ஒயரின் ரப்பர் உறை நாளடைவில் வெடித்துவிடும். வெயில் காலத்தில் அது எந்தத் தொல்லையும் தராது. சுவர் நனைந்ததும் கரண்ட் கசியத் தொடங்கும். எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, மெயினை மட்டும் போட்டு மீட்டரைக் கவனித்தால் ஓரளவு தெரியும். அப்போதும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எங்கோ கசிவு இருக்கக்கூடும்.

துல்லியமாக அறிய மெக்கர் கருவி வேண்டும். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, டிவி, இன்வர்ட்டர், எல்இடி பல்புகளைக் கழற்றிய பிறகே 500 வோல்ட் செலுத்தி அளப்பார். கழற்றாவிட்டால் அவை பழுதாகலாம். அளவும் தவறாக வரும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

எர்த் கதை நேர்மாறானது. மண் நனைந்தால் எர்த்தின் தடை குறையும். ஆகவே மழைக்கு முன், குழி காய்ந்திருக்கும்போதே அதை அளக்க வேண்டும். கடலோரத்து உப்பு மண் கரண்டை நன்றாகக் கடத்தும், ஆனால் ஜிஐ பைப்பையும் கிளாம்பையும் வேகமாக அரிக்கும். கிளாம்பைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே துரு உதிர்வது உண்டு.

ஒரு வீட்டில் எர்த் தடை 50 ஓம் என்று கொள்வோம். பிரிட்ஜின் இரும்பு உடலில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாக 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, டிரிப் ஆகாது. பிரிட்ஜில் ஏறத்தாழ முழு வோல்டேஜும் நிற்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அந்தக் கணமே துண்டிக்கும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் பிளக் பாயின்ட்டின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைப்பது ஆபத்து: நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடலிலும் கரண்ட் ஏறிவிடும்.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. ஒருவர் தரையோடு தொடர்பின்றி ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அது உணராது. மழையில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று சிலர் அதை நீக்கி நேரடியாக இணைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் எம்சிபிகளை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினால் கசியும் லைன் பிடிபடும். எல்லாம் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் நியூட்ரல் ஒயர் எங்கோ ஈரச்சுவரையோ எர்த்தையோ தொடுகிறதா என்று தேட வேண்டும். ஒற்றை போல் எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை.