நிகர இன்றைய மதிப்பு

ஒரு திட்டம் வருங்காலத்தில் தரப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, அதிலிருந்து இன்று போடும் முதலைக் கழித்தால் மிஞ்சுவது நிகர இன்றைய மதிப்பு. மிஞ்சினால் முதலீடு லாபம், துண்டு விழுந்தால் நட்டம்.

இந்தக் கணக்கு பழையது. ஐரோப்பிய வங்கியாளர்கள் வட்டி அட்டவணைகளைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த காலத்தில், புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் 1582-இல் ஆன்ட்வெர்ப்பில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார். எந்தக் கடன் மலிவு என்பதை இன்றைய மதிப்பைக் கொண்டு ஒப்பிடும் வழியும் அந்நூலில் இருந்தது. பூட்டைத் திறந்த அந்தத் துணிவு பெரிது. பொருளியலில் இந்தக் கணக்குக்கு உறுதியான இடம் தந்தவர் அமெரிக்கரான இர்விங் ஃபிஷர். வட்டி வீதம் பற்றிய அவரது நூல் 1907-இல் வந்தது.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிஎன்சி லேத் ஒன்றின் விலை 40 லட்சம் ரூபாய். செலவு போக ஆண்டுக்கு 9.5 லட்சம் வீதம் ஆறு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அதன்பின் இயந்திரத்துக்கு மதிப்பில்லை. மொத்த வரவு 57 லட்சம் என்பதால் பார்த்த மாத்திரத்தில் கொழுத்த லாபம் போலத் தெரியும். ஆனால் வட்டி 12 சதவீதம் என்றால் அந்த வரவின் இன்றைய மதிப்பு 39.06 லட்சம்தான், சுமார் 94,000 ரூபாய் துண்டு விழுகிறது. 11 சதவீதத்தில் 19,000 மிஞ்சும். 10 சதவீதத்தில் மிச்சம் 1.37 லட்சத்தைத் தாண்டும். லேத் மாறவில்லை, ஆர்டரும் மாறவில்லை. வட்டி சுமார் 11.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அதே இயந்திரம் வாங்கத்தக்கதாகிவிடுகிறது.

காரணம் கடைசி ஆண்டுகளில் இருக்கிறது. வட்டி 12-இலிருந்து 10-க்கு இறங்கும்போது முதலாண்டு வரவின் மதிப்பு 15,000 ரூபாய்தான் கூடுகிறது. ஆறாம் ஆண்டு வரவு 55,000 கூடுகிறது. ஆகவே 25 ஆண்டு உழைக்கும் கூரைச் சூரியத் தகடுகளுக்கு வட்டிக் குறைப்பு தரும் பலன் இதைவிடப் பெரிது: ஆண்டுதோறும் சமமாக வரும் வரவுக்கு, லேத்தின் மதிப்பு 6 சதவீதம் உயர்ந்தால் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 16 சதவீதம் உயரும்.

இப்படி வாசலில் நிற்கும் திட்டங்கள் ஊரெங்கும் பல. ஒவ்வொரு குறைப்பும் அவற்றில் சிலவற்றை உள்ளே தள்ளுகிறது.

ஆனால் இங்கே கழிக்கும் வீதம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ அல்ல, பட்டறைக்குக் கிடைக்கும் கடனின் வட்டி. அத்துடன் வரவும் நிலையாக நிற்க வேண்டும். மந்தத்தை எதிர்த்து வட்டி குறைக்கப்படும் வேளையில் ஆர்டர் சுருங்கி ஆண்டு வரவு 9 லட்சமானால், 10 சதவீதத்திலும் 80,000 ரூபாய் நட்டமே.

2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் ரெப்போ 6.50-இலிருந்து 5.25 சதவீதமாக இறங்கியது. சிறுதொழில்களுக்கான புதிய மிதவை வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன, ஆகவே அந்த இறக்கம் பட்டறையின் கடனுக்கும் எட்டும்.