யார் வேணும்னாலும் அத்தையை குரூப்ல சேர்க்கலாமா? - வாட்ஸ்அப்பில் மாற்ற வேண்டிய ஒரு செட்டிங்!

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு வயது 69. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, காபியை வைத்துவிட்டு போனை நீட்டினார். "ஏம்மா, இதுல தெனமும் லாபம் வந்துச்சு, லாபம் வந்துச்சுன்னு போடுறாங்க. நம்ம சொந்தத்துல இவ்ளோ பணக்காரங்க யாருடி?"

வாங்கிப் பார்த்தால் ஷேர் மார்க்கெட் டிப்ஸ் குரூப். 180 பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தைக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அத்தை அதை ஏதோ ஒரு கல்யாண வீட்டு குரூப் என்றே நினைத்திருக்கிறார். 'இன்று 40,000 லாபம்' என்று போட்ட ஒருவருக்கு 'வாழ்த்துகள் தம்பி' என்றுகூட பதில் போட்டிருந்தார். அதைப் பார்த்த அட்மின், தனியாக 'அம்மா' என்று அழைத்து, 5,000 ரூபாயில் கணக்கு தொடங்கச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தார். அத்தைக்கு போனில் பணம் அனுப்பத் தெரியாது. தப்பித்தது அதனால்தான்.

இந்த ஏமாற்றத்துக்கு வழிவிட்டது ஒரு சின்ன விஷயம். அத்தையிடம் கேட்காமலேயே அவரை குரூப்களில் சேர்ப்பது சொந்தக்காரர்களின் வழக்கமாகிவிட்டது. சீமந்தம், காதுகுத்து, குலதெய்வப் பொங்கல் என எல்லாவற்றுக்கும் ஒரு குரூப். அதனால் புதிதாக ஒரு குரூப் முளைத்தால் 'யாரோ நம்மாளுங்கதான்' என்று விட்டுவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் திருடனும் சொந்தக்காரனாகத் தெரிகிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தையோ, பெரியம்மாவோ இருப்பார். நான் ஊருக்குக் கிளம்பும் முன் அத்தைக்கு எழுதிக்கொடுத்த குறிப்பு இது. உறவுமுறையை மட்டும் மாற்றி, நீங்கள் அப்படியே உங்கள் வீட்டுக்குப் பயன்படுத்தலாம்.

அத்தைக்கு ஒரு குறிப்பு

அத்தை, வாட்ஸ்அப்பை போன்ல போட்டதும், உங்களை யார் வேணும்னாலும் குரூப்ல சேர்க்கலாம்னுதான் அது இருக்கும். உங்க நம்பர் ஒருத்தர் கையில இருந்தா போதும், உங்க சம்மதம் தேவையில்லை. ஒரு குரூப்ல நீங்க இருந்தா, அதுல இருக்கிற எல்லாராலயும் உங்க நம்பரைப் பார்க்க முடியும். அதுல ஒருத்தர் உங்களை இன்னொரு குரூப்ல போட்டா, அங்கே இருக்கிறவங்களுக்கும் நம்பர் போயிடும். வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு தூங்குற மாதிரிதான் இது. தாழ்ப்பாள் உள்ளேயே இருக்கு. நாமதான் போடணும்.

எப்படிப் போடறதுன்னு சொல்றேன். வாட்ஸ்அப்பைத் திறந்ததும் மேலே வலது ஓரத்துல மூணு புள்ளி இருக்கும். அதைத் தொட்டு Settings-க்குப் போங்க. அங்கே Privacy. அதுக்குள்ள கொஞ்சம் கீழே தள்ளினா Groups-னு இருக்கும். அதைத் தொட்டதும் மூணு வரி வரும்: Everyone, My contacts, My contacts except. இப்போ உங்களுக்கு Everyone-ல இருக்கு. அதை மாத்தி My contacts-ஐத் தொடுங்க. அவ்வளவுதான்.

இனிமே உங்க போன்ல பேர் போட்டு சேவ் பண்ணி வெச்சிருக்கிறவங்க மட்டும்தான் உங்களை நேரடியா சேர்க்க முடியும். மத்தவங்க சேர்க்கப் பார்த்தா, 'அழைப்பு அனுப்பறீங்களா?'ன்னு அவங்க போன் கேட்கும். அனுப்பினா, அது உங்களுக்குத் தனி மெசேஜா வரும். யார் அனுப்பினது, என்ன குரூப்னு பார்த்துட்டு, வேணும்னா சேருங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. 3 நாள்ல அந்த அழைப்பு தானா செல்லாமப் போயிடும். நீங்க வேண்டாம்னு யாருக்கும் பதில் எழுதவேண்டியதில்லை.

யாராவது போன் பண்ணி, "என்ன அத்தை, உங்களைச் சேர்க்கவே முடியலையே?"ன்னு கேட்டா, "போன்ல ஏதோ பாதுகாப்பு போட்டிருக்காம்ப்பா, எனக்கு அழைப்பு அனுப்பு"ன்னு சொல்லுங்க. பழியை என் மேல போட்டுடுங்க. பரவாயில்லை.

'My contacts' போதுமா?

குறிப்பு இங்கே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அத்தையின் போன் புக்கைத் திறந்து பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அதில் சொந்தக்காரர்கள் மட்டுமில்லை. கேஸ்காரர், எலெக்ட்ரீஷியன், எப்போதோ இடம் விற்க வந்த புரோக்கர், கல்யாணத் தரகர் எல்லோரும் இருந்தார்கள். வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை அவர்களும் 'contacts'தான். அத்தையை அதிகமான குரூப்களில் சேர்த்ததும், போனில் பெயர் உள்ள ஒரு தூரத்துச் சொந்தம்தான்.

அதற்குத்தான் மூன்றாவது வரியான My contacts except. அதைத் தொட்டால் போனில் உள்ள பெயர்கள் வரிசையாக வரும். யார் சேர்க்கக் கூடாதோ, அவர்கள் பெயரை டிக் செய்து சேமித்தால் போதும். நாங்கள் புரோக்கர், தரகர், அந்தத் தூரத்துச் சொந்தம் என மூன்று பேரை டிக் செய்தோம். டிக் செய்யப்பட்டவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அடுத்தமுறை அவர் சேர்க்க முயலும்போது, அழைப்பு அனுப்பும்படி வரும். அவ்வளவுதான்.

'யாருமே சேர்க்கக் கூடாது' என்றால் என்ன செய்வது? 2019 ஏப்ரலில் இந்த வசதி வந்தபோது Nobody என்று ஒரு வரி இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதை எடுத்துவிட்டு, My contacts except-ஐக் கொண்டுவந்தார்கள். இப்போது அதே பலன் வேண்டுமென்றால், இந்தப் பட்டியலில் எல்லோரையும் டிக் செய்துவிடலாம். ஆனால், அதன் பிறகு புதிதாக சேவ் செய்யும் நம்பர்கள் இதில் அடங்காது. அவ்வப்போது திறந்து டிக் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே கணக்கில் வருவது அத்தையின் போனில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டுமே. அவர்கள் போனில் அத்தை பெயர் இருக்கிறதா என்பதல்ல. அத்தையின் மருமகன் துபாய் போய் நம்பரை மாற்றிவிட்டார். புது நம்பரை அத்தை சேவ் செய்யவில்லை. "என்னையே பிளாக் பண்ணிட்டாங்களா?" என்று அவருக்கு வருத்தம். நம்பரை சேவ் செய்ததும் பிரச்னை தீர்ந்தது. இந்த செட்டிங்கை மாற்றும் முன், நெருங்கிய சொந்தங்களின் இப்போதைய நம்பர்கள் போனில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் குரூப்கள்?

இந்த செட்டிங் இனி நடப்பதைத்தான் தடுக்கும். பழைய குரூப்களிலிருந்து அதுவாக வெளியே எடுக்காது. அத்தையின் போனில் 31 குரூப்கள் இருந்தன. ஒவ்வொன்றாக அவரிடமே கேட்டோம்.

தெரியாதவர்கள் நிறைந்த குரூப்களில், குரூப் பெயரைத் தொட்டு, கீழே வரை போய் ரிப்போர்ட் செய்துவிட்டு வெளியேறினோம். 'அட்மின் மேடம்' நம்பரை பிளாக் செய்தோம்.

முடிந்துபோன கல்யாண குரூப்களில்தான் அத்தை தயங்கினார். "வெளியே போனா எல்லாருக்கும் தெரியுமே, தப்பா நினைப்பாங்க." முன்பு அப்படித்தான் இருந்தது. 2022-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆனால் குரூப் விவரத்துக்குள் போய்த் தேடினால், கடந்த 60 நாள்களில் வெளியேறியவர்களின் பட்டியலைப் பார்க்க முடியும். இந்த உண்மையையும் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அதனால் மூன்று குரூப்களில் வெளியேறாமல் வேறு வழி செய்தோம். மியூட்டில் Always என்று வைத்து, ஆர்க்கைவில் போட்டுவிட்டோம். குரூப்பில் அத்தை இருப்பார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் போன் சத்தம் போடாது, பட்டியலில் முன்னால் வந்தும் நிற்காது. கடைசியில் வெளியே தெரியும்படி மிஞ்சியது ஏழு குரூப்கள்.

இது தடுக்காத விஷயங்கள்

குரூப்பில் சேரும் லிங்க் ஒன்றை யாராவது அனுப்பி, அதை அத்தையே தொட்டுச் சேர்ந்தால், இந்த செட்டிங் தடுக்காது. தெரியாத நம்பரிலிருந்து வரும் தனி மெசேஜையும் தடுக்காது. அதனால் அத்தையின் குறிப்பில் கடைசியாக இரண்டு வரிகள் சேர்த்தேன்: 'லிங்க் வந்தா தொடாதீங்க, முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. பணம்னு யார் சொன்னாலும், அம்மான்னு கூப்பிட்டாலும், பதிலே போடாதீங்க.' பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ, கொட்டை எழுத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

வேலை செய்கிறதா... சோதித்துப் பாருங்கள்!

செட்டிங்கை மாற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். அத்தையின் போனில் நம்பர் இல்லாத நண்பர் ஒருவரிடம், அத்தையைச் சேர்த்து ஒரு குரூப் தொடங்கச் சொல்லுங்கள். நேரடியாகச் சேர்க்க முடியாமல், அழைப்பு அனுப்பச் சொல்லி அவருக்கு வந்தால் எல்லாம் சரி. சேர்ந்துவிட்டால், ஒன்று செட்டிங் இன்னும் Everyone-ல் இருக்கிறது, அல்லது அவர் நம்பர் போனில் எங்கேயோ சேவ் ஆகியிருக்கிறது. இந்தச் சோதனையை அத்தையின் கண்முன் செய்யுங்கள். அழைப்பு எப்படி வரும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்தமுறை பயப்பட மாட்டார். ஐபோன் என்றால், மூன்று புள்ளிக்குப் பதில் கீழே வலது ஓரத்தில் இருக்கும் கடைசிப் பட்டனிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் தமிழில் இருந்தால் பெயர்கள் தமிழில் வரும், வழி அதேதான்.

போன வாரம் அத்தை போன் செய்தார். சின்ன மாமா வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்ததாம். டிக் பட்டியலில் இருந்த அதே தூரத்துச் சொந்தம்தான் அனுப்பியிருந்தார். அத்தை பார்த்துவிட்டு, தானே தொட்டுச் சேர்ந்திருக்கிறார்.

"இவ்வளவு நாளா சேர்த்து விட்டாங்க. இப்போதான்டி என்னைக் கூப்பிடுறாங்க" என்றார்.