நிறக்கட்டத் தையல்

நிறக்கட்டத் தையல் என்பது வெவ்வேறு நிறங்களைக் கொண்ட ஒற்றைநிறத் துணித் துண்டுகளை இணைத்து, நிறங்களுக்கு இடையே தெளிவான எல்லைக்கோடுகள் அமையுமாறு ஓர் உடையை உருவாக்கும் முறை ஆகும். இது கலர் பிளாக்கிங் எனவும் அழைக்கப்படுகிறது. எல்லைக்கோட்டை மேலும் எடுத்துக்காட்டுவதற்காக, இரு துண்டுகளுக்கு இடையில் மாற்றுநிறத்தில் மெல்லிய உருண்டை விளிம்பு ஒன்றை வைத்துத் தைப்பதும் உண்டு. இவ்விளிம்பு பைப்பிங் எனப்படும்.

அச்சிட்ட துணியில் நிற எல்லை துணியின் மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. நிறக்கட்டத் தையலில் தையல் கோடே நிற எல்லை ஆகும். ஒரே நிறத் துணியில் கண்ணுக்குத் தெரியாத 1 மில்லிமீட்டர் பிழையும் இம்முறையில் வெளிப்படையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

மொன்ட்ரியன் உடைகள்

இம்முறையில் அமைந்த உடைகளுள் மிகவும் அறியப்பட்டவை, பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லோரன் 1965 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பாரிசில் காட்சிப்படுத்திய மொன்ட்ரியன் உடைகள் ஆகும். நெதர்லாந்து ஓவியர் பியெட் மொன்ட்ரியனின் (1872–1944) ஓவியங்களைத் தழுவி இவை உருவாக்கப்பட்டன. கையில்லாத, நேரான வடிவுடைய இவ்வுடைகளில் வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறக் கட்டங்களைக் கறுப்புப் பட்டிகள் பிரிக்கின்றன. இவற்றுள் ஒன்று 1965 செப்டம்பர் மாதப் பிரெஞ்சு வோக் இதழின் அட்டையில் இடம்பெற்றது. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இவ்வகை உடை ஒன்று பேணப்படுகிறது.

இவ்வுடைகளில் வண்ணங்கள் அச்சிடப்படவில்லை. ஒவ்வொரு கட்டமும் பட்டியும் தனித்தனியாக வெட்டப்பட்ட கம்பளிப் பின்னல் துணி ஆகும். ஓவியம் தட்டையானது, உடல் வளைவானது. வழக்கமான உடையில் மார்பு, இடுப்பு வளைவுகளுக்காகத் துணியை மடித்து டார்ட் பிடிப்பர். கட்டத்தின் நடுவே டார்ட் வந்தால் கோலம் சிதைந்துவிடும். ஆகவே உடலுக்குத் தேவையான வளைவு முழுவதும் கட்டங்களை இணைக்கும் தையல் கோடுகளுக்குள் மறைக்கப்பட்டது. நேர்கோடாகத் தோன்றும் எல்லை, வெட்டும்போது சற்றே வளைந்த கோடாக இருக்கும். உடலின் மேல் அணிந்த பின்னரே அது நேராகத் தெரியும்.

இக்கோலத்தை அச்சிட்ட துணியில் தைத்த உடையை எளிதில் வேறுபடுத்தி அறியலாம். அதில் டார்ட் வரும் இடத்தில் கறுப்புக்கோடு உடைந்து காணப்படும். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் கோடுகளின் பின்னே தையல் இராது.

அளவும் பிழையும்

கட்டங்களைத் தைக்கும்போது முதலில் ஒவ்வொரு கிடை வரிசையிலும் உள்ள துண்டுகளும் குறுகிய நிலைக்குத்துப் பட்டிகளும் இணைக்கப்படுகின்றன. இறுதியில் நீண்ட கிடைப்பட்டியால் வரிசைகள் ஒன்றோடொன்று சேர்க்கப்படுகின்றன. இவ்வொழுங்கில் ஒவ்வொரு தையலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகச் செல்லும்.

எடுத்துக்காட்டாக, மேல்வரிசையில் இரண்டு நிலைக்குத்துப் பட்டிகளும் கீழ்வரிசையில் ஒன்றும் உள்ள முன்பக்கம் ஒன்றைக் கொள்ளலாம். முடிந்த நிலையில் பட்டியின் அகலம் 2.5 செ.மீ. எனில், தையலுக்காக இருபுறமும் 1 செ.மீ. விட்டு 4.5 செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும். தைப்பவர் ஒவ்வொரு தையலையும் 1 மி.மீ. உள்தள்ளித் தைத்தால் பட்டி 2.3 செ.மீ. ஆகக் குறுகும். ஒவ்வொரு தையலிலும் இரு துண்டுகளும் 1 மி.மீ. வீதம் இழப்பதால், நான்கு தையல்கள் உள்ள மேல்வரிசை 8 மி.மீ. குறையும். இரண்டு தையல்கள் மட்டுமே உள்ள கீழ்வரிசை 4 மி.மீ. குறையும். இவ்விரு வரிசைகளையும் இணைக்கும்போது 4 மி.மீ. பொருந்தாது. அதைச் சரிசெய்யக் குறைவான துணியை இழுத்துத் தைத்தால் கிடைக்கோடு அலைபோல் நெளியும். நெளிவு கிடைக்கோட்டில் தெரிந்தாலும் பிழை நிலைக்குத்துத் தையல்களிலேயே உள்ளது. எனவே ஒவ்வொரு வரிசையும் முடிந்தவுடன் அதன் மொத்த அகலத்தை அளந்து பார்த்த பிறகே வரிசைகளை இணைக்க வேண்டும்.

பின்னல் துணி இழுபடும் இயல்புடையது. ஆதலால் கோடுகள் சந்திக்கும் இடங்களில் முதலில் கையால் நூலோட்டி, பின்னர் இயந்திரத்தில் தைப்பது நல்லது.

வெளிர்நிறத்தில் விழும் நிழல்

தையலுக்காக விடப்பட்ட துணி உடையின் உட்புறத்தில் மடிந்து கிடக்கும். வெள்ளைத் துண்டின் பின்னே கறுப்புத் துணியின் விளிம்பு மடிந்திருந்தால், எல்லைக்கு அருகே சாம்பல்நிற நிழல் ஒன்று வெளியே தெரியும். இதனால் தையல் நேராக இருந்தும் எல்லை மங்கிக் காணப்படும். இதைத் தவிர்க்க, இரு விளிம்புகளையும் அடர்நிறத் துண்டின் பக்கமாக மடித்து இசுத்திரி இட வேண்டும். வெளிர்நிறப் பக்கமாக மடிப்பது தவிர்க்க முடியாததாயின், அடர்நிற விளிம்பை 3 மி.மீ. அளவு குறுக்கி வெட்டினால் வெளிர்நிற விளிம்பு அதை மூடிக்கொள்ளும்.

பைப்பிங்

பைப்பிங்குக்கான துணி நெசவு நூல்களுக்கு 45 பாகை சாய்வாக வெட்டப்படுகிறது. தையற்காரர்கள் இதனைக் கிராஸ் துணி என்பர். சாய்வாக வெட்டிய துணி வளைந்து கொடுப்பதால் கழுத்து போன்ற வளைவுகளில் சுருக்கமின்றி அமைகிறது. தமிழ்நாட்டில் சேலைக்கான ரவிக்கைகளின் கழுத்திலும் கை ஓரத்திலும் இவ்வகை மாற்றுநிற விளிம்பு பரவலாகத் தைக்கப்படுகிறது.

3 மி.மீ. விட்டமுள்ள கயிற்றைச் சுற்ற ஏறத்தாழ 1 செ.மீ. துணி தேவை. தையலுக்கு இருபுறமும் 1 செ.மீ. சேர்த்தால் நாடாவின் அகலம் 3 செ.மீ. ஆகும். கயிற்றை நாடாவின் உள்ளே வைத்து, ஒருபக்கம் மட்டும் அழுத்தும் ஒற்றைக்கால் பொருத்திக் கயிற்றை ஒட்டித் தைக்க வேண்டும். பின்னர் இதனை முதல் துண்டின் ஓரத்தில் வைத்துத் தைத்து, அதன் மேல் இரண்டாம் துண்டை நல்லபக்கம் உட்புறமாக இருக்குமாறு இட வேண்டும். இறுதித் தையல் முந்தைய தையல்களைவிட நூலளவு கயிற்றுக்கு நெருக்கமாகச் செல்ல வேண்டும். தைத்து முடித்துத் திருப்பும்போது விளிம்பின் அடியில் பழைய தையல் நூல் தெரிந்தால், இறுதித் தையல் கயிற்றிலிருந்து விலகிச் சென்றுள்ளது என அறியலாம். அவ்விடத்தில் பைப்பிங் தடித்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் காணப்படும்.

துவைத்த பின் தோன்றும் குறைகள்

புதிதாகத் தைத்தபோது சரியாக இருந்த உடை முதல் துவைப்பில் கெடுவதும் உண்டு. பைப்பிங் ஓடும் கோட்டில் மட்டும் சுருக்கம் விழுந்தால் உள்ளிருக்கும் பருத்திக் கயிறோ நாடாத் துணியோ சுருங்கியுள்ளது எனக் கொள்ளலாம். கயிற்றையும் பருத்தித் துணிகளையும் வெட்டும் முன்பே நனைத்து உலர்த்துவது இதற்குத் தீர்வாகும்.

சிவப்பு, கறுப்பு முதலிய அடர்நிறங்களின் சாயம் அருகிலுள்ள வெள்ளையில் இறங்கலாம். இதைச் சோதிக்க அடர்நிறத் துணியின் சிறு துண்டை நனைத்து, வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வைத்துச் சூடாக இசுத்திரி இட வேண்டும். வெள்ளையில் கறை படிந்தால் அத்துணியை வெள்ளையுடன் இணைப்பது உகந்ததன்று.

வரம்புகள்

கட்டங்களால் ஆன உடையைப் பின்னர் சிறிதாக்குவது கடினம். பக்கத் தையலைப் பிடித்தால் ஓரத்திலுள்ள கட்டங்கள் மட்டும் குறுகி, கோலத்தின் அளவுப் பொருத்தம் மாறிவிடும். நடுவில் குறைக்க வேண்டுமாயின் கிடைப்பட்டிகளையும் பிரிக்க நேரிடும். ஆகவே இவ்வகை உடைகளுக்கு முதலில் விலை குறைந்த துணியில் மாதிரி தைத்து, அணிந்து பார்த்து, கோடுகளை அதன் மேல் வரைந்து திருத்திய பின்னரே நிறத்துணிகள் வெட்டப்படுகின்றன.