ஒரு மடிக்கணினியின் 22 மாதங்கள்

2018 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதையொட்டிப் போடப்பட்ட சதி வழக்கில் 16 பேர் கைதானார்கள். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி அவர்களில் ஒருவர். பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோனார். வழக்கின் முதன்மையான ஆதாரமாகக் காட்டப்பட்டவை, ரோனா வில்சனின் மடிக்கணினியில் இருந்த கடிதங்கள். புனே காவல்துறை அதை 2018 ஏப்ரல் 17 அன்று டெல்லியில் கைப்பற்றியது.

கடிதம் கணினியில் இருந்தது உண்மை. அதை அங்கே வைத்தது யார், எப்போது? எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வட்டின் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, ஒரு காலவரிசையாகவே விரிகிறது.

2016 ஜூன் 13: வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து யாரோ அனுப்பிய கோப்பை வில்சன் திறக்கிறார். நெட்வயர் என்ற உளவு மென்பொருள் உள்ளே நுழைகிறது. 2016 நவம்பர் 3: `kbackup` என்ற கோப்புறை உருவாகிறது. பின்னர் அது `Rbackup` ஆகப் பெயர் மாறி, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. கடிதங்கள் அதற்குள்தான் வந்து சேர்ந்தன. 2018 ஏப்ரல் 16, மாலை 4.50: கோப்புறையில் கடைசி மாற்றம். மறுநாள் காவல்துறை வருகிறது.

கோப்பின் தேதியை மட்டும் நம்பி இதைச் சொல்லிவிட முடியாது. கோப்பு உருவான நேரத்தையும் மாறிய நேரத்தையும் ஒரு சிறு நிரலால் திருத்திவிடலாம். ஒரு கோப்பை நகலெடுத்தாலே உருவான நேரம் புதிதாகிவிடும், மாறிய நேரம் பழையதாகவே இருக்கும். கைப்பற்றிய கணினியை யாராவது இயக்கினால் பல தடயங்கள் அழியும். வட்டில் உள்ள நேரம் உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டினால்தான் நம் நேரம்.

ஆகவே ஒரு தேதியை, வேறொரு நிரல் தனியாக எழுதிவைத்த பதிவோடு ஒப்பிட வேண்டும். விண்டோஸில் ஒரு கோப்பை வழக்கமான முறையில் திறக்கும்போது பெரும்பாலும் அதற்கு ஓர் அடையாள எண் ஒட்டிக்கொள்ளும். முக்கியமான பத்துக் கடிதங்களில் ஒன்றுக்கும் அந்த எண் இல்லை. அவற்றில் சில, வேர்டு 2010 அல்லது 2013இல் பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. வில்சனிடம் இருந்ததோ வேர்டு 2007. தேதியைத் திருத்துகிறவன் இத்தனை இடங்களையும் ஒன்றுபோலத் திருத்துவது கடினம்.

காலவரிசைக்கு எல்லையும் உண்டு. எப்போது, எந்த வழியாக என்று அது காட்டியது. விசைப்பலகைக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று ஆர்சனல் பெயர் சொல்லவில்லை. தேசியப் புலனாய்வு முகமை அறிக்கையை ஏற்கவும் இல்லை. வில்சனுக்குப் பிணை கிடைத்தது 2025 ஜனவரியில்தான்.

தோழர்களே, கருவி கைப்பற்றப்படும் இடத்திலேயே அதன் ஹாஷ் மதிப்பை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதற்கு முன்பு நடந்தவற்றுக்குத்தான் காலவரிசை தேவை.