டீப் ஃப்ரீசர் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில் வைத்தால் கரண்ட் பில் குறையுமா? கணக்கு என்ன சொல்கிறது?

"ஃப்ரீசரை காலியா வெச்சிருக்காதீங்க, தண்ணி பாட்டில் போட்டு நிரப்புங்க, கரண்ட் மிச்சமாகும்." டீப் ஃப்ரீசர் வாங்கிய எல்லோருமே இந்த டிப்ஸை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். மேலே மூடி திறக்கும் பெட்டி மாதிரியான ஃப்ரீசரை மீன் வியாபாரம், ஐஸ்கிரீம் கடை, வீட்டில் இருந்தே மசாலா தடவிய சிக்கன் விற்பவர்கள் எனப் பலரும் இப்போது வைத்திருக்கிறார்கள். பாதி நாள் அது பாதி காலியாகத்தான் இருக்கும். அப்போது இந்த டிப்ஸ் உண்மையிலேயே உதவுமா?

நேரடியாகச் சொன்னால், பில்லில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் குறையாது. ஆனால் கரண்ட் போய்விட்டால், உள்ளே இருக்கும் பொருளைக் காப்பாற்றுவது இதே பாட்டில்கள்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கலே வருகிறது.

ஃப்ரீசர் கரண்டை எதற்குச் செலவழிக்கிறது?

உள்ளே மைனஸ் 18 டிகிரி. வெளியே நம்ம ஊர் 32 டிகிரி. இடையில் இருப்பது சில சென்டிமீட்டர் தடிமனான ஃபோம் சுவர். அந்தச் சுவர் வழியாகவும், மூடியின் ரப்பர் வழியாகவும் வெளிச்சூடு ராத்திரி பகல் பார்க்காமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். 200 லிட்டர் ஃப்ரீசரில் இந்தக் கசிவு தோராயமாக 60 வாட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று உள்ளே அணையாமல் எரிவது போல. அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதுதான் கம்ப்ரசரின் முழுநேர வேலை.

சுவர் வழியாக வரும் சூட்டுக்கு, உள்ளே மீன் இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே மைனஸ் 18, வெளியே 32 என்றால் அதே 60 வாட்தான் வரும். பில்லில் பெரும்பகுதி இதுதான் என்பதால், பாட்டில் வைத்து அதைக் குறைக்க வழியில்லை.

அப்போ மூடியைத் திறக்கும்போது?

டிப்ஸ் சொல்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். மூடியைத் திறந்தால் குளிர்ந்த காற்று வெளியேறி, சூடான காற்று உள்ளே வரும், அதைத் திரும்பக் குளிர்விக்க கரண்ட் செலவாகும், பாட்டில் இருந்தால் காற்றுக்கு இடமே இருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கதவு முன்பக்கமாகத் திறக்கும் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த காற்று தரையில் கொட்டிவிடும் என்பதும் உண்மை. ஆனால் மேலே திறக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால், வாளியில் தண்ணீர் நிற்பது மாதிரி அப்படியே நிற்கும். கையை விட்டுத் துழாவும்போது கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான்.

சரி, அதையும் விட்டுவிடுவோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் மாறிவிடுகிறது என்றே மோசமாக வைத்துக்கொள்வோம். காற்று மிக லேசானது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஒரு கிராமைவிடச் சற்றுதான் அதிகம். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அந்தக் காற்றோடு வரும் ஈரப்பதம் உறைவதையும் சேர்த்தாலும், 200 லிட்டர் காற்று முழுவதையும் மைனஸ் 18-க்குக் குளிர்விக்கும் வேலை, சுமார் 50 மில்லி தண்ணீரை ஐஸ் ஆக்கும் வேலைக்குச் சமம். கால் டம்ளர் தண்ணீர்!

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஃப்ரீசரில் ஒரு லிட்டர் காற்றின் இடத்தைத்தான் அடைக்கிறது. அந்தப் பாட்டிலை 30 டிகிரியிலிருந்து ஐஸ் ஆக்கி மைனஸ் 18-க்குக் கொண்டுபோக ஆகும் வேலை, ஒரு லிட்டர் காற்றைக் குளிர்விப்பதைப் போல ஏறக்குறைய 4,000 மடங்கு. அதாவது பாட்டிலை உறைய வைத்த செலவு திரும்பி வருவதற்கே 4,000 முறை மூடியைத் திறந்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு 10 முறை என்றால் 400 நாட்கள். காற்று மொத்தமும் மாறுவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடவும் கூடுதலாகும். நடுவில் ஒரு நீண்ட பவர் கட் வந்து பாட்டில் உருகிவிட்டால், கணக்கு மறுபடி முதலில் இருந்து. (இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.)

20 பாட்டில் வைத்தால் முதல் முறை உறைய வைக்கச் சுமார் 2 யூனிட் கரண்ட் போகும். பெரிய நஷ்டமில்லை. ஆனால் லாபமும் இல்லை. டூருக்குப் போக, ஐஸ் பாக்ஸுக்கு என்று அடிக்கடி பாட்டிலை எடுத்துவிட்டு புதுத் தண்ணீர் வைத்துக்கொண்டே இருந்தால், சுத்த நஷ்டம்.

"ஆனா, கம்ப்ரசர் சத்தம் குறைஞ்சுதே!"

பாட்டில் வைத்தவர்கள் பலர் இப்படிச் சொல்வார்கள். அவர்கள் கவனித்தது சரிதான். உள்ளே நிறைய ஐஸ் இருந்தால் வெப்பநிலை மெதுவாக ஏறும், அதனால் கம்ப்ரசர் அடிக்கடி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் ஒரு முறை ஓட ஆரம்பித்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடும். மொத்தமாகக் கூட்டினால் ஓடும் நேரம் ஏறக்குறைய அதேதான். சந்தேகம் இருந்தால், பிளக்கில் மாட்டும் சிறிய எனர்ஜி மீட்டரை வைத்து, பாட்டில்கள் நன்றாக உறைந்த பிறகு மூன்று நாள், பாட்டில் இல்லாமல் மூன்று நாள் என அளந்து பாருங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் வாரமாக இருந்தால், பாட்டிலால் வரும் வித்தியாசத்தைவிட வானிலையால் வரும் வித்தியாசமே பெரிதாகத் தெரியும்.

காற்றின் இடத்தை அடைப்பதுதான் நோக்கம் என்றால், மூடிய காலி தெர்மாகோல் பெட்டியே போதும். அதை உறைய வைக்கச் செலவே இல்லை. ஃப்ரீசர் மாதக்கணக்கில் முக்கால்வாசி காலியாகவே கிடந்தால், இருக்கும் பொருளை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டு இதை ஆஃப் செய்வதுதான் உண்மையான மிச்சம்.

பவர் கட்டில்தான் பாட்டிலுக்கு மவுசு

2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு முறையும் சென்னையில் பல பகுதிகளில் ஒரு நாளைக்கு மேல் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் ஃப்ரீசரில் 5 கிலோ மீன் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 வாட் சூடு நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். கணக்குப்படி ஆறேழு மணி நேரத்தில் மீன் முழுவதும் உருகிவிடும்.

அதே ஃப்ரீசரில் 20 லிட்டர் ஐஸ் பாட்டில் இருந்தால்? ஐஸ் உருகும்போது வெப்பநிலை ஏறாமலே ஏராளமான சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் படித்த 'உள்ளுறை வெப்பம்' இதுதான். 20 லிட்டர் ஐஸ், மைனஸ் 18-லிருந்து ஏறி முழுவதும் தண்ணீர் ஆவதற்குள், 60 வாட் சூட்டை 30 மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். மூடியை அடிக்கடி திறந்து பார்த்தால் இது குறையும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பொது விதியும் இதே திசையில்தான் இருக்கிறது: மூடியைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் சூட்டில் அதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பதே நல்லது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சாதாரணத் தண்ணீர் ஐஸ் 0 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். மீனும் இறைச்சியும் அதற்கு முன்பே, மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். எனவே பாட்டில்கள் மீனைக் கல்லு மாதிரி வைத்திருக்காது. ஐஸ் பெட்டியில் இருப்பது போல 0 டிகிரி பக்கத்தில் வைத்திருக்கும். மீன் கெடாது, ஆனால் இளகும். ஐஸ்கிரீமுக்கு இது உதவாது.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர் பெட்டிகளும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் உட்சுவரைச் சுற்றி ஐஸ் இருக்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே தடுப்பூசியைப் பாதுகாக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே ஐஸ் வைத்திருப்பது கரண்ட் போகும் நேரத்துக்காக. பில்லைக் குறைப்பதற்காக அல்ல.

வைப்பதென்றால் எப்படி வைப்பது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 850 மில்லி அளவுக்கு மட்டும் ஊற்றி, உறையும் வரை மூடியைத் தளர்வாக வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும்.

எல்லாப் பாட்டிலையும் ஒரே நாளில் இறக்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரே நேரத்தில் உள்ளே போனால், ஏற்கெனவே உறைந்திருக்கும் மீனும் சிக்கனும் அந்தச் சூட்டை வாங்கி மேலோட்டமாக இளகும். பாக்கெட்டுக்குள் புதிதாகப் பனித்துகள் சேர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். 200 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் போதும். முதலில் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, பிறகு ஃப்ரீசரின் சுவரை ஒட்டி நிற்க வையுங்கள். பெரும்பாலான பெட்டி ஃப்ரீசர்களில் குளிரூட்டும் குழாய் சுவருக்குள்தான் ஓடுகிறது. உறைந்த பிறகு பொருட்களின் மேலேயும் பக்கத்திலும் மாற்றி அடுக்கலாம். மூடி இடிக்காமல் முழுசாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பரில் சின்ன இடைவெளி விழுந்தாலும், பாட்டிலால் மிச்சமாவதாக நினைத்ததைப் போலப் பல மடங்கு கரண்ட் வீணாகும்.

வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்ட் போய் வந்தால் எப்படித் தெரியும்? ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பிரச்சனை இல்லை. கப்பின் அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாததால், அந்த மீனையும் இறைச்சியையும் தூக்கிப் போடுவதுதான் பாதுகாப்பு. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கரண்ட் வந்து, பாக்கெட்டுக்குள் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தாலோ, தெர்மாமீட்டரில் 4 டிகிரிக்குள் இருந்தாலோ, அதை மறுபடி உறைய வைக்கலாம் அல்லது அன்றைக்கே சமைத்துவிடலாம்.