'ஓவர்பாட்' காட்டினால் உடனே விற்கணுமா? ஸ்டோகாஸ்டிக் 80-ஐத் தாண்டும்போது என்ன நடக்கிறது?

டிரேடிங் ஆப்பில் சார்ட்டைத் திறந்து ஸ்டோகாஸ்டிக் ஆசிலேட்டரைச் சேர்த்தால், கீழே 0 முதல் 100 வரை ஏறி இறங்கும் இரண்டு கோடுகள் தெரியும். 80-க்கு மேல் போனால் 'ஓவர்பாட்', 20-க்குக் கீழே போனால் 'ஓவர்சோல்ட்'. இதைப் பார்த்ததும் பலரும் "80 தாண்டிடுச்சு, வித்துடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது எதை அளக்கிறது?

1950-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் லேன் பிரபலப்படுத்திய கருவி இது. கணக்கு எளிமையானது:

```
%K = (Close - Low14) / (High14 - Low14) × 100
```

கடந்த 14 நாட்களில் விலை தொட்ட உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே, இன்றைய முடிவு விலை எங்கே நிற்கிறது? அவ்வளவுதான் கேள்வி. இந்த %K-இன் 3 நாள் சராசரி %D, அதுதான் இரண்டாவது கோடு.

பங்கு விலை அதிகமா, குறைவா என்று இந்தக் கணக்கு எங்கேயும் கேட்கவில்லை. கம்பெனியின் லாபம் இதில் இல்லை. 97 என்றால் '14 நாள் எல்லையின் மேல்விளிம்பை ஒட்டி முடிந்திருக்கிறது' என்று மட்டுமே அர்த்தம்.

டிசம்பர் 2023: விற்றவர்கள் எதை இழந்தார்கள்?

2023 டிசம்பர் 1 அன்று நிஃப்டி 50 சுமார் 20,268-இல் முடிந்தது. அப்போதைய 14 நாள் உச்சம் சுமார் 20,292, அடிமட்டம் சுமார் 19,400. 868-ஐ 892-ஆல் வகுத்தால் %K கிட்டத்தட்ட 97. பக்கா ஓவர்பாட்.

அன்றைக்கு விற்றிருந்தால்? டிசம்பர் 29-இல் நிஃப்டி 21,731. அதாவது 1,460 புள்ளிகளுக்கு மேல், சுமார் 7% ஏற்றம் கைநழுவிப் போயிருக்கும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வலுவான ஏற்றத்தில் சந்தை அடிக்கடி புது உச்சத்தைத் தொட்டு, அதை ஒட்டியே முடிகிறது. உச்சமும் அடிமட்டமும் சேர்ந்தே மேலே நகர்கின்றன. %K-ஆல் 100-ஐத் தாண்ட முடியாது, விலைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால்தான் விலை ஏறிக்கொண்டே இருக்க, கோடு மட்டும் 80-க்கு மேல் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"சரி, 80-க்குக் கீழே இறங்கும்போது விக்கலாமே?" அந்த விதியும் அந்த மாதம் கைகொடுக்கவில்லை. டிசம்பர் 20 அன்று நிஃப்டி 300 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 21,150-இல் முடிந்தது. %K 70-ஐ ஒட்டி வந்தது. ஆனால் மாதக் கடைசியில் சந்தை அதற்கும் மேலேதான் இருந்தது.

செப்டம்பர் 2024: அதே எண், வேறு முடிவு

2024 செப்டம்பர் 26 அன்று நிஃப்டி 26,216 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. 14 நாள் அடிமட்டம் சுமார் 24,750. கணக்குப் போட்டால் %K மறுபடியும் 97, 98 அளவில்தான். ஆனால் இந்த முறை நவம்பர் 21-க்குள் நிஃப்டி 23,350-க்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட 11% சரிவு.

ஒரே ரீடிங், நேரெதிர் விளைவுகள். அப்படியென்றால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிறகு எதைப் பார்ப்பது?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சந்தை பெரிதாக இறங்கியபோது தெரிந்தது. 2023 டிசம்பரில் கோடு 70 அருகே வந்தாலும் 50-க்குக் கீழே போகவில்லை. அதாவது விலை எல்லையின் மேல்பாதியிலேயே நின்றது. 2024 அக்டோபர் 3-இல் நிஃப்டி 25,250-க்கு விழுந்து, 14 நாள் எல்லையின் அடிமட்டத்தை ஒட்டியே முடிந்தது. %K ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. ஏற்றத்தின் போக்கு உடைந்ததற்கான அடையாளம் அது.

இன்னொன்று டைவர்ஜென்ஸ். விலை முந்தைய உச்சத்தைத் தாண்டுகிறது, ஆனால் ஸ்டோகாஸ்டிக் தன் முந்தைய உச்சத்தைத் தொடவில்லை என்றால், ஏற்றத்தின் வேகம் குறைகிறது என்று பொருள். லேன் முக்கியமாகக் கருதியதும் இதைத்தான். ஆனால் டைவர்ஜென்ஸ் தெரிந்த பிறகும் விலை சில வாரங்கள் ஏறலாம்.

இந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. அக்டோபர் 3 வரை பொறுத்தவர், உச்சத்திலிருந்து ஏற்கெனவே சுமார் 966 புள்ளிகளை, அதாவது 3.7%-ஐ விட்டிருப்பார். சீக்கிரம் விற்றால் ஏற்றம் போகும், தாமதித்தால் லாபத்தில் ஒரு பகுதி போகும்.

80/20 விதி ஓரளவு வேலை செய்வது, விலை ஒரே எல்லைக்குள் மேலும் கீழும் போய்வரும் பக்கவாட்டுச் சந்தையில்தான். அதனால் ஸ்டோகாஸ்டிக்கைப் பார்க்கும் முன் விலை 50 நாள், 200 நாள் சராசரிகளுக்கு மேலே இருக்கிறதா, அந்தச் சராசரிகளும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால், 80 என்பது பெரும்பாலும் ஏற்றம் வலுவாக இருப்பதைத்தான் சொல்கிறது.

(இது விளக்கக் கட்டுரை மட்டுமே, முதலீட்டு ஆலோசனை அல்ல.)