சரியான விடை சொல்லும் பிழை: இருமத் தேடலின் மூன்று தடுமாற்றங்கள்



இந்த வாரம் கொஞ்சம் நீளமான பதிவு. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன். நம் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தானும் இருக்கிறது, இருமத் தேடலும் இருக்கிறது. இரண்டும் சேரும் ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பிழையைப் பற்றிய வரலாறு இது.

இருமத் தேடல் என்பது நாம் அகராதி பார்க்கும் முறைதான். நடுப்பக்கத்தைத் திறக்கிறோம். தேடும் சொல் அதற்கு முன்னால் வருமென்றால் பின்பாதியை விட்டுவிடுகிறோம், பின்னால் வருமென்றால் முன்பாதியை விட்டுவிடுகிறோம். மீதியில் மறுபடி நடுப்பக்கம். ஒவ்வொரு முறையும் பாதி குறைவதால், வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஓர் எண்ணைத் தேட அதிகபட்சம் 20 ஒப்பீடுகள் போதும். 20 லட்சமாக ஆனால் 21. இவ்வளவுதான் கருத்து.

இவ்வளவு எளிய கருத்தை நிரலாக எழுதுவதில்தான் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1946ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மூர் பள்ளியில் நடந்த சொற்பொழிவுகளில், எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லி இந்த முறையைக் குறிப்பிட்டார். ஆனால் ஆரம்ப காலத்தில் சொல்லப்பட்ட முறைகள் பட்டியலின் அளவு 7, 15, 31 என்று, அதாவது இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவாக, இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்தன. எந்த அளவுக்கும் பொருந்தும் வடிவத்தை டெரிக் லேமர் 1960இல்தான் வெளியிட்டார். இடையில் 14 ஆண்டுகள். இது முதல் தடுமாற்றம்.

இரண்டாவது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஜாவா மொழியின் நூலகத்தில் இருமத் தேடலை எழுதிய ஜோஷுவா பிளாக், தன் நிரலில் இருந்த பிழையைத் தானே ஊருக்குச் சொன்னார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை 2147483647ஐத் தாண்டிவிடும். ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் அதற்கு மேல் இடம் இல்லை, எண் எதிர்மறையாக மாறி நிரல் உடைந்துவிடும். பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. அதனால் பைத்தான்காரர்களுக்கு இந்தத் தொல்லை வரவே இல்லை. அவர்களுக்கு வந்தது வேறு ஒன்று. அதுதான் மூன்றாவது. முதல் இரண்டிலும் நிரல் தவறான விடை தந்தது அல்லது உடைந்தது. மூன்றாவதில் விடை எப்போதும் சரியாகவே இருக்கும்!

இதோ அந்த நிரல். படிக்க அழகாக இருக்கும்.

```python
def search(a, x):
    if not a:
        return False
    mid = len(a) // 2
    if a[mid] == x:
        return True
    if x < a[mid]:
        return search(a[:mid], x)
    return search(a[mid+1:], x)
```

நடுவைப் பார், இல்லையென்றால் எந்தப் பாதியோ அந்தப் பாதியை மட்டும் எடுத்து, அதே செயற்கூற்றை மறுபடி அழை. தன்னையே தான் அழைப்பதால் இதைத் தற்சுழற்சி என்கிறோம். `a[:mid]` என்பது தொடக்கத்திலிருந்து நடுவுக்கு முன்புவரை உள்ள துண்டு, `a[mid+1:]` என்பது நடுவுக்கு அடுத்ததிலிருந்து கடைசிவரை உள்ள துண்டு.

சிக்கல் அந்தத் துண்டில் இருக்கிறது. பைத்தானில் பட்டியலைத் துண்டாக்கினால், பழைய பட்டியலின் ஒரு பகுதி நமக்குச் சுட்டிக் காட்டப்படுவதில்லை. புதிதாக ஒரு பட்டியல் உருவாகி, அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு உருப்படியின் முகவரியும் அதில் ஒவ்வொன்றாக எழுதப்படுகிறது. அகராதியில் பாதியை ஒதுக்கிவிட்டு மீதியைப் புரட்டுவதற்குப் பதிலாக, மீதிப் பாதியை முழுக்க நகல் எடுத்து, அந்த நகலில் நடுப்பக்கம் தேடுவது போல. அடுத்த முறை அந்த நகலில் பாதிக்கு இன்னொரு நகல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 10 லட்சம் எண்கள். தேடும் எண் எல்லாவற்றையும் விடச் சிறியது, பட்டியலிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பில் 5 லட்சம் முகவரிகள் நகலாகின்றன. அடுத்து இரண்டரை லட்சம், பிறகு 1,25,000, பிறகு 62,500. இப்படியே போய் ஒன்றில் முடியும். இங்கே சிலர் அவசரப்பட்டு, 20 அழைப்பு, ஒவ்வொன்றிலும் 10 லட்சம், ஆக 2 கோடி என்று பெருக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. நகல் எடுப்பதும் ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. அரை, கால், அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்றை நெருங்குமே தவிர ஒன்றைத் தாண்டாது. பெருக்குத் தொடர் வகுப்பில் கரும்பலகையில் பட்டையைப் பாதி பாதியாக நிழலிட்டோமே, அதேதான். ஆக மொத்த நகல் சுமார் 10 லட்சம்.

ஒப்பீடுகள் 20தான், அதில் குறை இல்லை. ஆனால் அந்த 20 ஒப்பீட்டுக்காக 10 லட்சம் முகவரிகளை எழுதியிருக்கிறோம். பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும் சாதாரணத் தேடலிலும் வேலை பட்டியலின் நீளத்துக்கு ஏற்பத்தான் வளரும். இதிலும் அப்படியே வளர்கிறது. ஒரு முகவரியை நகல் எடுப்பது ஓர் ஒப்பீட்டைவிட மலிவு என்பதால் கடிகாரத்தில் இது கொஞ்சம் வேகமாகத் தெரியலாம். வளரும் விதம் மட்டும் ஒன்றுதான். இடமும் செலவாகிறது. இன்றைய கணினிகளில் ஒரு முகவரிக்கு 8 பைட். உள்ளே போன அழைப்பு திரும்பும்வரை வெளியே நிற்கும் அழைப்புகள் தங்கள் துண்டுகளை விடுவதில்லை. அதனால் கடைசி அழைப்பு நடக்கும் நேரத்தில் ஏறக்குறைய 8 எம்பி நினைவகம் வெறும் நகல்களால் நிறைந்திருக்கும்.

ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? 100 எண்கள் வைத்துச் சோதித்தால் மொத்த நகல் 100க்குள் முடிந்துவிடும். அது இமைப்பொழுதுகூட இல்லை. விடையும் சரி. நம் பழைய மாணவி ஒருத்தி வேலை பார்க்கும் இடத்தில் நடந்ததும் இதுதான். வாடிக்கையாளர் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் நிரல், எழுதிய நாளில் நன்றாக ஓடியது. பட்டியல் வளர வளர இரவு வேலை விடியற்காலைவரை இழுத்தது. ஆயிரம் எண்களைச் சரிபார்க்க 20,000 ஒப்பீடு போதுமான இடத்தில், பட்டியல் 10 லட்சத்தைத் தொட்டதும் 100 கோடி நகல் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் தரவுத்தளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, அவள்தான் இந்த இரண்டு வரிகளைப் பிடித்தாள்.

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பட்டியலின் தலையைப் பார்த்துவிட்டு மீதியைத் தன்னிடமே அனுப்பும் நடை, ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் தொடங்கிய லிஸ்ப் மொழியில் வேரூன்றியது. லிஸ்ப் பட்டியல் ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும். மீதியைக் கொடு என்றால் இரண்டாவது கண்ணியைச் சுட்டினால் போதும், எதையும் நகல் எடுக்க வேண்டாம். அங்கே மீதி இலவசம். 1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானில் பட்டியல் சங்கிலி அல்ல, அடுத்தடுத்து அடுக்கிய அறைகள். எழுத்தில் பார்க்க அதே நடை, ஆனால் மீதிக்கு விலை உண்டு. அந்த விலை நிரலின் வரியில் எங்கும் தெரிவதில்லை.

பைத்தான் ஏன் நகல் எடுக்கிறது என்று கேட்கலாம். அதற்கும் நியாயம் இருக்கிறது. துண்டில் ஒன்றை மாற்றினால் மூலப் பட்டியல் மாறக் கூடாது. இன்னொரு காரணத்தை ஜாவாவின் அனுபவம் காட்டுகிறது. ஜாவாவில் ஓர் உரையின் துண்டு, பல ஆண்டுகள் மூல உரையோடு நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. நாலெழுத்துத் துண்டை வைத்திருந்தாலும் அதற்காகப் பெரிய மூல உரை முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். அந்தத் தொல்லையால் 2012இல் ஜாவாவும் நகல் எடுக்கும் முறைக்கே மாறியது. ஆக நகல் எடுப்பது மொழியின் குற்றமில்லை, தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்பதுதான் குற்றம்.

பிராட் மில்லர், டேவிட் ரேனம் எழுதிய பைத்தான் பாடநூல் துண்டாக்கும் வடிவத்தைக் காட்டிவிட்டு, துண்டுக்கும் செலவு உண்டு என்று எச்சரிக்கிறது. திருத்தம் எளிது. பட்டியலை வெட்டாமல், எங்கிருந்து எதுவரை பார்க்க வேண்டும் என்ற இரண்டு எண்களை மட்டும் அனுப்பினால் போதும்.

```python
def search_in(a, x, lo, hi):
    if lo >= hi:
        return False
    mid = (lo + hi) // 2
    if a[mid] == x:
        return True
    if x < a[mid]:
        return search_in(a, x, lo, mid)
    return search_in(a, x, mid + 1, hi)
```

அகராதி ஒன்றே. இரண்டு விரல்களை இரண்டு பக்கங்களில் செருகி, அவற்றை நெருக்கிக்கொண்டே வருகிறோம். இன்னொரு லாபமும் உண்டு. துண்டில் நடு இடம் 3 என்றால் அது மூலப் பட்டியலில் எத்தனையாவது என்று தெரியாது, விடுபட்டதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இங்கே `mid`தான் உண்மையான இடம். வேலைக்கு எழுதுகிறவர்கள் பைத்தானோடு வரும் `bisect` தொகுதியையே பயன்படுத்தலாம். அதுவும் `lo`, `hi` என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் நடக்கிறது.

உங்கள் நிரலில் இந்தப் பிழை இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. முதல் நிரலை `s.py` என்ற கோப்பில் வைத்து இதை ஓட்டுங்கள்.

```
python -m timeit -s "from s import search; a = list(range(1000000))" "search(a, -1)"
```

பிறகு 1000000 என்பதை 2000000 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானால் உள்ளே நகல் நடக்கிறது. இரண்டாவது நிரலில் ஒரே ஒரு படிதான் கூடும், நேரத்தில் வித்தியாசம் தெரியவே தெரியாது. பட்டியலை இரட்டிப்பாக்கிப் பார்க்காமல், விடை சரியா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை கடைசிவரை அகப்படாது.

வீட்டுப்பாடம்: இரண்டு நிரலையும் ஓட்டி, வந்த நேரங்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கணக்குப் பிள்ளைகள், பட்டியலில் 1000 எண்கள் இருந்தால் மொத்த நகல் எவ்வளவு என்று தாளிலேயே போட்டுச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்